எந்த நேரத்து ஒன்பது? ரெக்கவரி ரூம் கிறுக்கலிலிருந்து நேரமிட்ட பதிவுக்கு

அறுவை முடிந்து மயக்கம் தெளியும் வரை நோயாளியை வைத்திருக்கும் ரெக்கவரி ரூமில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் எழுதப்படுவது கேஸ் ஷீட்டில் இல்லை. கையுறை சுற்றி வந்த வெள்ளைத் தாளில், மைக்ரோபோர் டேப்பில், சில நேரம் உள்ளங்கையிலேயே கூட எழுதுவோம். ஒரே நேரத்தில் இரண்டு ட்ராலி உள்ளே வரும், ஒருவருக்குத் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வாந்தி எடுப்பார். பேனாவுக்குக் கிடைக்கும் இடத்தில்தான் எழுத முடியும். பிறகு மூச்சு விட நேரம் கிடைக்கும்போது அதைப் பார்த்துப் படிவத்தை நிரப்புவோம். அந்த நிரப்புதலில் என்ன நடக்கிறது, அதை எப்படி நேர்மையாகச் செய்வது என்பதைத்தான் ஒரே ஒரு தாளை வைத்து இங்கே எழுதப் போகிறேன். புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு நான் சொல்லித் தருவதும் இதே போன்ற தாள்களை வைத்துத்தான். நோயாளி யாரென்று அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி. முழு மயக்கம். தாளில் இருந்தது இவ்வளவுதான்:

11.40
152/92, 98
கூப்பிட்டால் விழிக்கிறார்
வலி 8
மார். 2+2+2
வலி 3
9 – வார்டு
குமட்டல், ஒண்டான்?
108/68
டாக்டர் பார்த்தார்

பத்து வரி, ஒரே ஒரு நேரம். எழுதியவர் கவனமில்லாதவர் என்று சொல்லவே முடியாது. முக்கியமானது எல்லாம் இதில் இருக்கிறது. வலி கேட்டிருக்கிறார், மார்ஃபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறார், வலி குறைந்ததையும் பார்த்திருக்கிறார். ஆனால் இதிலுள்ள எந்த எண்ணையும் நம்பி ஒரு முடிவு எடுக்க முடியாது. வலி 3 என்பது மார்ஃபின் போட்டு இரண்டு நிமிடத்திலா, பதினைந்து நிமிடத்திலா? ‘9 – வார்டு’ என்று எழுதியபோது கடைசி ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? குமட்டல் அதற்குப் பிறகு வந்ததா, இல்லை இடமில்லாமல் கீழே எழுதியதா?

அந்த 9 எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-இல் ஆல்ட்ரீட், க்ரூலிக் என்ற இருவர் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். பிறந்த குழந்தைக்கு ஆப்கார் மதிப்பெண் போடுவதைப் போல, மயக்கத்திலிருந்து மீள்கிறவருக்கு ஐந்து விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போடுவது. கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு, தோலின் நிறம். 1995-இல் ஆல்ட்ரீட் அதைத் திருத்தியபோது நிறத்தை எடுத்துவிட்டு, பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷனை வைத்தார். மொத்தம் 10. ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால் ரெக்கவரியை விட்டுப் போகலாம் என்பது பொதுவான வழக்கம்.

இந்த ஐந்தில் பேச்சுக்கு இடம் தருவது இரண்டுதான். ஒன்று ரத்த அழுத்தம். மயக்கத்துக்கு முன்பு இருந்த அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருந்தால் 2, அதைத் தாண்டி 50 வரை விலகினால் 1, அதற்கும் மேல் 0. அதாவது இதற்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் நோயாளியின் பழைய பி.பி. கையில் இருக்க வேண்டும். இரண்டாவது சாச்சுரேஷன். ஆக்சிஜன் இல்லாமல் சாதாரணக் காற்றிலேயே 92-க்கு மேல் இருந்தால் 2. 90-க்கு மேல் வைத்திருக்க ஆக்சிஜன் வேண்டுமென்றால் 1. ஆக்சிஜன் கொடுத்தும் 90-க்குக் கீழே என்றால் 0.

இந்தத் தாளை எழுதிய சிஸ்டரிடம் உட்கார்ந்து கேட்டேன்.

“இந்த ஒன்பதை எப்படிம்மா கூட்டின?”

“அசைவு ரெண்டு, இருமச் சொன்னா இருமினாங்க, ரெண்டு. பி.பி. நல்லா இருந்துச்சு, ரெண்டு. கூப்பிட்டா முழிச்சாங்க, ஒண்ணு. சாச்சுரேஷன் 98 அக்கா, அதுக்கு ரெண்டு.”

“மாஸ்க் இருந்துச்சா, எடுத்துட்டியா?”

“மாஸ்க் இருந்துச்சு. ஆறு லிட்டர்.”

அப்படியானால் அது 9 இல்லை, 8. மாஸ்க் போட்டபடி 98 என்பது சாதாரணக் காற்றில் எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்லாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மார்ஃபினால் மூச்சு மந்தமானால் உடம்பில் கரியமில வாயு சேர ஆரம்பிக்கும், ஆனால் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் வரை சாச்சுரேஷன் 98-லேயே நிற்கும். மூச்சு குறைகிறது என்பதை அந்த எண் மறைத்துவிடும். ட்ராலியில் மாஸ்க்கைக் கழற்றி வார்டுக்குப் போகும் வழியில், லிஃப்டுக்குள், அது இறங்கத் தொடங்கும். ஆல்ட்ரீட் படிவத்தில் நான் பார்க்கும் தவறுகளில் அடிக்கடி வருவது இதுதான். சாச்சுரேஷனுக்குப் பக்கத்தில் ‘எத்தனை லிட்டர்’ என்று எழுதாத எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கூட்டுத்தொகையை மட்டும் எழுதுவதன் ஆபத்தும் இங்கேதான் தெரிகிறது. முழு விழிப்போடு, ஆக்சிஜன் மட்டும் தேவைப்படும் 9 வேறு. ஆக்சிஜன் தேவையில்லை, ஆனால் தூக்கத்தில் இருக்கும் 9 வேறு. பி.பி. இறங்கிய 9 வேறு. தாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். 2-2-2-1-1 என்று ஐந்தையும் தனித்தனியாக எழுத மூன்று வினாடிகூட ஆகாது. அந்த வரிசை இருந்தால், மறுபடி பார்க்கும்போது எது மாறியது என்று உடனே தெரியும்.

சரி, நேரத்துக்கு வருவோம். நேரம் எழுதாத தாளுக்குப் பிறகு நேரம் கொடுப்பது எப்படி? ஞாபகத்திலிருந்து 11.45, 12.00, 12.15 என்று அழகாகப் போட்டுவிடலாம். பல படிவங்கள் அப்படித்தான் நிரப்பப்படுகின்றன. கால் மணிக்கொரு முறை, ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், பி.பி. எல்லாம் 120/80, 118/78, 120/80 என்று. அப்படி ஒரு படிவத்தைப் பார்த்தாலே அது உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும். உண்மையான ரெக்கவரி நேரங்கள் 11.52, 11.59 என்று கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

அந்தத் தாளுக்கு நாங்கள் செய்தது வேறு. வேறெங்காவது, அந்த நேரத்திலேயே பதிவாகியிருக்கும் விஷயங்களைத் தேடினோம். மூன்று இடங்கள் கிடைத்தன.

முதலாவது, மார்ஃபின் பதிவேடு. பூட்டி வைக்கும் மருந்து என்பதால் எடுத்த நேரமும் கொடுத்த நேரமும் கையெழுத்தோடு அதில் இருக்கும். 11.52-க்கு 2 மி.கி., 11.59-க்கு 2, 12.07-க்கு 2. தாளில் இருந்த ‘2+2+2’ இப்போது மூன்று தனி நிகழ்வுகளாகப் பிரிந்துவிட்டது.

இரண்டாவது, மயக்க மருந்து டாக்டரின் சார்ட். மயக்கம் கொடுத்தபோதே டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. போயிருக்கிறது. பாராசிட்டமால் 1 கிராம் 11.00-க்கு. வாந்தித் தடுப்பு மருந்தான ஒண்டான்செட்ரான் 4 மி.கி. 11.20-க்கு.

மூன்றாவது, மானிட்டரின் நினைவகம். பி.பி. தானாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கும்படி வைத்திருப்போம், ஒவ்வொரு அளவும் நேரத்தோடு உள்ளே சேமிக்கப்படும். அடுத்த நோயாளிக்காக அழிப்பதற்கு முன் பார்த்தால் கிடைக்கும். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அந்த மானிட்டரின் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைவிட ஏழு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரில் 108/68 பதிவான நேரம் 12.15. சுவர்க் கணக்கில் அது 12.22.

ஏழு நிமிடம்தானே என்று விட முடியாது. பதிவேட்டில் இருக்கும் நேரம் சுவர்க் கடிகாரம். மானிட்டரை அப்படியே நம்பினால், கடைசி மார்ஃபின் போட்டு எட்டு நிமிடத்தில் பி.பி. இறங்கியது என்று ஆகும். உண்மையில் பதினைந்து நிமிடம். அப்படியே அடுத்த வரிகளுக்கும் போனால், ஊசி போடுவதற்கு முன்பே அதன் விளைவு வந்துவிட்டது என்றுகூடப் படிவம் சொல்லும். அதனால் இப்போது காலை ஷிப்ட் தொடங்கும்போது ஆக்சிஜன், சக்‌ஷன் பார்ப்பதோடு மானிட்டர் கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரி செய்கிறோம். அப்படிச் செய்யாத நாளின் தாளைத் திருத்தி எழுதும்போது, ‘மானிட்டர் நேரம் 7 நிமிடம் பின்’ என்று படிவத்திலேயே குறித்துவிட்டுத்தான் மாற்றி எழுத வேண்டும்.

நினைவகத்தில் இன்னொரு நல்ல தடயமும் இருந்தது. தானாக எடுத்த அளவுகள் சுவர்க் கணக்கில் 12.10, 12.15, 12.20 என்று சீராக வருகின்றன. 108/68 மட்டும் 12.22. அந்த வரிசையில் சேராத அளவு. அதாவது யாரோ பொத்தானை அழுத்தி எடுத்திருக்கிறார்கள். ஏன் அழுத்தினாய் என்று கேட்டதும் சிஸ்டருக்கு ஞாபகம் வந்துவிட்டது. “ஓங்கரிச்சாங்க அக்கா, முகமெல்லாம் வேர்த்துச்சு. அதான் அழுத்தினேன்.” குமட்டலுக்கும் நேரம் கிடைத்துவிட்டது.

இந்த மூன்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது. 11.40-க்கு உள்ளே வந்தார். 11.52, 11.59, 12.07 மார்ஃபின். 12.15-க்கு பி.பி. 122/78. 12.20-க்கு 114/70. 12.22-க்கு குமட்டல், 108/68. ‘வலி 3’ எங்கே? 12.07-க்குப் பிறகு, 12.22-க்கு முன். அவ்வளவுதான் சொல்ல முடியும். அதை 12.15 என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது யாரும் பார்க்காத நேரம். ‘12.07–12.22 இடையில், வலி 3, நேரம் குறிக்கப்படவில்லை’ என்று எழுதினோம். ‘9 – வார்டு’ என்பதற்கும் அதே இடைவெளிதான், தாளில் அது குமட்டலுக்கு மேலே இருப்பதால். முதலில் எழுதிய 152/92-உம் வலி 8-உம் இருக்கின்றன. முந்தையது 11.40-க்கே மானிட்டரில் உறுதியாகிறது, பிந்தையது 11.52-க்கு முன் என்று மட்டும் சொல்லலாம்.

இப்படிப் பிறகு எழுதும் ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் இருக்க வேண்டும். நடந்த நேரம் ஒன்று, எழுதிய நேரம் ஒன்று. ‘பின்னர் எழுதியது, 13.40’ என்று போட்டுக் கையெழுத்து. தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கையுறைத் தாளையும் கிழித்துப் போடாமல் கேஸ் ஷீட்டோடு இணைத்துவிடச் சொல்வேன். நோயாளியின் பக்கத்தில் நின்று எழுதியது அதுதான். படிவம் அதற்குப் பிறகு வந்தது.

நேரம் கொடுத்த பிறகு அந்தத் தாள் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். ‘ஒண்டான்?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார் இல்லையா? குமட்டல் வந்ததும் கை தானாகப் போகும் மருந்து அது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில், அதாவது ஓ.டி.யில், அதே மருந்து 11.20-க்குப் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் இரண்டு நிமிடம்தான் ஆகிறது. தடுப்பாக ஒரு வகை மருந்து கொடுத்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல் வந்தால், அதே வகையைத் திரும்பக் கொடுப்பதில் கூடுதல் பலன் இல்லை, வேறு வகையாகத்தான் போக வேண்டும் என்பது வழிகாட்டுதல். ரெக்கவரித் தாளின் முதல் வரியிலேயே ஓ.டி.யில் கொடுத்த வாந்தித் தடுப்பு மருந்தும் நேரமும் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குறியே தேவைப்பட்டிருக்காது. எங்கள் படிவத்தில் இப்போது அதற்கு ஒரு வரி உண்டு. நோயாளியை ஒப்படைக்கும் மயக்க மருந்து டாக்டரிடம் வாயால் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுவது.

பி.பி. விஷயமும் அப்படித்தான். 108/68 என்பதைத் தனியாகப் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள், நிறைய பெண்களுக்கு அது இயல்பான அளவு. இவருக்கு வார்டில் முந்தைய நாள் 140/86. இருபது சதவீதம் என்றால் 28. கீழ் எல்லை 112. 114 வரை 2 மதிப்பெண், 108-க்கு 1. இறக்கம் 23 சதவீதம். குமட்டலும் வியர்வையும் வந்த அதே நேரத்தில் இந்த இறக்கம் என்றால், குமட்டலுக்குக் காரணமே அந்த இறக்கமாக இருக்கலாம். அப்படி இருந்தால் மருந்தைவிடச் சலைன்தான் முதலில் வேலை செய்யும். உள்ளே ரத்தம் கசிகிறதா என்று வயிற்றையும் ட்ரெயின் குழாயையும் பல்ஸையும் பார்க்க வேண்டும். டாக்டர் அதைத்தான் பார்த்திருக்கிறார். 250 மி.லி. ஆர்.எல். சலைன் வேகமாகப் போயிருக்கிறது, வேறு வகை வாந்தித் தடுப்பு மருந்தான மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி. 12.26-க்கு. 12.37-க்கு 124/78, குமட்டல் லேசாக. அப்போதுதான் ஆக்சிஜனை எடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் டாக்டர் குறிப்பில் நேரத்தோடு இருந்தன.

பழைய பி.பி. என்று எதை எடுப்பது என்பதிலும் எனக்குக் கருத்து உண்டு. ஓ.டி. மேசையில் மயக்கத்துக்கு முன் எடுத்ததை எழுதுவார்கள். பயத்தில் அது 168 இருக்கும். அதை அடிப்படையாக வைத்தால் கீழ் எல்லையே 134 ஆகிவிடும், வார்டில் இருந்த 140-ஐ வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும் 124, 126 போன்ற எண்கள் எல்லாம் குறைவாகத் தோன்றும். வார்டில் அமைதியாகப் படுத்திருந்தபோது எடுத்ததே சரியான அடிப்படை. நாங்கள் இரண்டையும் எழுதி, வார்டு எண்ணை வட்டமிடுகிறோம்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆல்ட்ரீட் மதிப்பெண்ணில் வலியும் இல்லை, குமட்டலும் இல்லை. வலி 8-இல் துடிக்கும் ஒருவர் முழு விழிப்போடு, கை கால் ஆட்டிக்கொண்டு, நல்ல பி.பி.யோடு 10-க்கு 10 வாங்கலாம். 1999-இல் வைட், சாங் என்ற இருவர் இந்த ஐந்தோடு வலியையும் வாந்தியையும் சேர்த்து 14 மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்ததற்குக் காரணமே இதுதான். நாங்கள் ஆல்ட்ரீட்டையே வைத்துக்கொண்டு, வலிக்கும் குமட்டலுக்கும் தனி வரி போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போட்டால் நல்ல எண்கள் கெட்ட எண்ணை விழுங்கிவிடும் என்பது என் எண்ணம்.

வலியை எப்போது கேட்பது? ட்ராலி உள்ளே வந்த உடனே, கண் செருகிக் கிடக்கும் நோயாளிக்கு ‘வலி 0’ என்று எழுதிய படிவங்கள் உண்டு. அவர் சொன்ன பூஜ்யம் இல்லை அது. ‘கேட்க முடியவில்லை, முகம் சுளிக்கிறார்’ என்று எழுதினால் போதும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கலாம். கேட்கும்போது சும்மா இருக்கும்போது எவ்வளவு, இருமினால் எவ்வளவு என்று இரண்டும் வேண்டும். படுத்திருக்கையில் 3 என்பவர் இருமும்போது 7 என்றால், அவர் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். அது நாளைக்குச் சளி கட்டுவதில் போய் முடியலாம்.

நம் ஊரில் வயதானவர்களிடம் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலும் “இருக்குதும்மா, தாங்கிக்கலாம்” என்றுதான் பதில் வரும். அதை எண்ணாக நாமே மாற்றி எழுதக் கூடாது. “பத்து ரூபாய்க்கு எத்தனை ரூபாய் வலிக்குது பாட்டி?” என்று கேட்டால் சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதுவும் வரவில்லையென்றால் இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை என்று நான்கு சொல்லில் கேட்டு அந்தச் சொல்லையே எழுதலாம். ஒரு நோயாளிக்கு ஒரு முறையைப் பிடித்தால் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் மாற்றினால் வலி குறைந்ததா, கேள்வி மாறியதா என்று தெரியாது.

எங்கே வலி என்பதையும் ஒரு சொல்லில் எழுத வேண்டும். லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்பட்டை வலிப்பது சகஜம், வயிற்றை ஊதப் பயன்படுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால். அடிவயிறு இறுகி வலித்தால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கலாம், அதற்கு மார்ஃபின் போட்டுக்கொண்டே போவதில் பயனில்லை. வலி 6 என்ற எண் மட்டும் இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

மருந்து கொடுத்ததும் நான் இப்போது வற்புறுத்தும் ஒரே பழக்கம், அதே வரியில் ‘அடுத்துப் பார்க்கும் நேரம்’ என்று எழுதிவைப்பது. 12.07-க்கு மார்ஃபின் என்றால் 12.15 என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். காலியாக ஒரு கட்டம் காத்துக்கொண்டிருந்தால் யாராவது அதை நிரப்பப் போவார்கள், ஷிப்ட் மாறினாலும்கூட. அந்தக் கட்டத்தில் வலி மட்டும் போதாது. மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, கூப்பிட்டால் எப்படி விழிக்கிறார் என்று இரண்டும் வேண்டும். மூச்சை மானிட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து எழுதாமல், மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். வலி 8-இலிருந்து 3-க்கு இறங்கியது நல்ல செய்திதான், ஆனால் கூடவே மூச்சு 20-இலிருந்து 9-க்கு இறங்கியிருந்தால் அதை நல்ல செய்தி என்று சொல்ல மாட்டேன். வலிதான் அவரை விழித்திருக்க வைத்தது. வலி போனதும் உள்ளே இருக்கும் மருந்து மொத்தமும் தன் வேலையைக் காட்டும். நரம்பு வழி மார்ஃபினின் முழு விளைவு தெரியக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆகும் என்பதால், கடைசி ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் போட்ட மதிப்பெண்ணை வைத்து ஒருவரை வார்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. எங்கள் இடத்தில் முப்பது நிமிடம் என்று வைத்திருக்கிறோம்.

இந்தப் பெண்ணின் தாளில் ‘9 – வார்டு’ என்று எழுதியது 12.22-க்கு முன். அதாவது கடைசி மார்ஃபினிலிருந்து பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. வார்டில் படுக்கை தயாராகாததால்தான் அவர் அங்கேயே இருந்தார். குமட்டலும் பி.பி. இறக்கமும் ரெக்கவரியிலேயே, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே வந்தன.

குமட்டலுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு எளிது. 0 இல்லை, 1 லேசான குமட்டல், 2 கடுமையான குமட்டல் அல்லது ஓங்கரிப்பு, 3 வாந்தி. ‘வாந்தி இரண்டு முறை’ என்று எழுதாமல் ஒவ்வொரு முறைக்கும் நேரம். பெண், புகைபிடிக்காதவர், முன்பு மயக்கத்துக்குப் பிறகு வாந்தி வந்தவர் அல்லது பஸ்ஸில் போனால் வாந்தி வருபவர், அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து பெறுபவர் என்ற நான்கு காரணங்களை, அறுவைக்குப் பின் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பைக் கணிக்கும் ஆப்ஃபெல் மதிப்பெண் எண்ணுகிறது. நான்கும் இருந்தால் சுமார் 80 சதவீத வாய்ப்பு, மூன்று இருந்தால் 60. இவருக்குக் குறைந்தது மூன்று. ட்ராலி வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம் இது.

இனி, வார்டுக்கு அனுப்பும் அளவுகோல். கூட்டிப் பார்க்கும் மதிப்பெண்ணாக அதை நாங்கள் வைக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறைவேற வேண்டிய நிபந்தனை. ஆல்ட்ரீட் 9 அல்லது மேல், எதிலும் 0 இல்லாமல். சும்மா இருக்கும்போது வலி 3 அல்லது கீழ், இல்லையென்றால் நோயாளியே தாங்கக்கூடியது என்று சொன்ன அளவு. குமட்டல் 1-க்கு மேல் இல்லை. கடைசி நரம்பு வழி மார்ஃபினோ ஃபென்டனிலோ போட்டு முப்பது நிமிடம். மூச்சு 10-க்குக் கீழே இல்லை. ஆக்சிஜனை எடுத்துப் பதினைந்து நிமிடம் சாதாரணக் காற்றில் பார்த்தாகிவிட்டது, அல்லது வார்டிலும் ஆக்சிஜன் தொடர டாக்டர் எழுதியிருக்கிறார். உடல் சூடு 36-க்குக் குறையவில்லை. காயக்கட்டின் மேலும் ட்ரெயின் குழாயிலும் புதிதாக ரத்தம் இல்லை. கடைசியில் மயக்க மருந்து டாக்டரின் கையெழுத்து. நம் நாட்டில் மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்றும் ரெக்கவரியிலிருந்து மாற்ற வரையறுத்த அளவுகோல் இருக்க வேண்டும் என்கிறது, ஆனால் டிக் அடிக்கும் கட்டங்களை மட்டும் அச்சடித்து வைத்தால் அது நிறைவேறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் நேரம் எழுத இடம் வேண்டும். அப்போதுதான் ஒரே கையசைப்பில் மேலிருந்து கீழ் வரை டிக் அடிக்க முடியாது.

அளவுகோலுக்கு எல்லைகள் உண்டு. முதுகில் ஊசி போட்டவருக்குக் கால்கள் அசையாது, அசைவுக்கு 1-தான் வரும். மற்ற எல்லாம் நன்றாக இருந்தால் அவர் 9-ஐத் தொட்டுவிடுவார், ஆனால் மரத்துப்போன மட்டம் இறங்குகிறதா என்பதை அந்த 9 சொல்லாது. அவருக்கு எந்த மட்டம் வரை உணர்வில்லை, கால் விரல் அசைகிறதா, முழங்கால் மடங்குகிறதா என்பதை நேரத்தோடு தனியாக எழுத வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு வீட்டிலேயே சாச்சுரேஷன் 90 என்றால், அவர் 92-ஐத் தாண்டும் வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. அவருடைய பழைய எண் என்ன என்று எழுதி, டாக்டர் அதற்கேற்ப எல்லையை மாற்றிக் கையெழுத்திடட்டும்.

இந்தப் பெண்ணுக்கு 12.37-க்கு ஆக்சிஜன் எடுத்தார்கள். 12.52-க்கு சாதாரணக் காற்றில் 95, 126/80, மூச்சு 14, வலி 3, இருமினால் 4, குமட்டல் 1. முழு விழிப்பு. மதிப்பெண் 2-2-2-2-2. கடைசி மார்ஃபினிலிருந்து 45 நிமிடம். எல்லா நிபந்தனையும் நிறைவேறிய நேரம் 12.52. வார்டுக்குச் சொன்னது 12.55. ரெக்கவரியை விட்டுக் கிளம்பியது 13.10. இந்த மூன்று நேரமும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ‘வார்டுக்கு மாற்றம் 13.10’ என்று மட்டும் எழுதினால், நோயாளி மீள்வதற்கு அவ்வளவு நேரம் எடுத்தார் என்று ஆகிவிடும். உண்மையில் 18 நிமிடம் படுக்கைக்கும் ட்ராலிக்கும் காத்திருந்தார். சில நாள் அந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அந்த நேரமெல்லாம் கால் மணிக்கொரு முறை பார்ப்பது தொடர வேண்டும், தயாராகிவிட்டார் என்று ஒரு முறை எழுதியதால் நிறுத்திவிட முடியாது. 12.22-க்கு முன் போட்ட ஒன்பதுக்குப் பிறகு என்ன நடந்தது என்று மேலே பார்த்தோம்.

வார்டு சிஸ்டரிடம் ஒப்படைக்கும்போது படிவம் முழுவதையும் படித்துக் காட்ட நேரம் இருக்காது. நான் சொல்வது நான்கே நேரங்கள். கடைசி மார்ஃபின் 12.07, மொத்தம் 6 மி.கி. அடுத்த பாராசிட்டமால் மாலை 5.00. ஒண்டான்செட்ரான் 11.20-க்குப் போயிருக்கிறது, 5.20 வரை குமட்டல் வந்தால் அதையே திரும்பப் போடாமல் கூப்பிடுங்கள். பி.பி. 12.22-க்கு ஒரு முறை இறங்கியது, 112-க்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள். அவர் அதைத் தன் கேஸ் ஷீட்டில் எழுதி, வார்டில் முதல் பி.பி. எடுத்த நேரத்தையும் எண்ணையும் எங்கள் படிவத்தின் கடைசி வரியில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் ட்ராலி திரும்பும்.